அறுபத்தெட்டு கிலோவும் அறுபத்தெட்டு கிலோவும் ஒண்ணு இல்லை

போன முறை ஊருக்குப் போனப்ப ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை வீட்டுக்கு ஒரு நடை போயிருந்தேன். எங்க வீடு ராஜபாளையம், அத்தை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், நடுவுல பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான். அத்தை மகன் பால்கோவா போடுற இடத்துல வேலை பார்க்கிறான். காலையில இருந்து விறகடுப்பு முன்னாடி நின்னு, பெரிய இரும்புச் சட்டியில பால் சுண்டிச் சுண்டிக் கெட்டியாகிற வரைக்கும் துடுப்பை விடாம இழுத்துக்கிட்டே இருக்கணும். நடுவுல பால் கேன், சர்க்கரை மூட்டை எல்லாம் தூக்கணும். நான் பெங்களூர்ல ஏசி ரூம்ல நாற்காலியைத் தேய்க்கிறவன். எனக்கும் அவனுக்கும் ஒரே உயரம், 170 சென்டிமீட்டர். ஸ்கூல் படிக்கிறப்பவே முதுகோட முதுகு ஒட்டி நின்னு அளந்து பார்த்துச் சண்டை போட்ட கதை அது.

அங்கே மூட்டை நிறுக்கிற தரைத் தராசு ஒண்ணு கிடக்கு. சும்மா விளையாட்டுக்கு ரெண்டு பேரும் ஏறி நின்னோம். அவன் 68. நானும் 68. "மாப்ள, நீ உக்காந்தே சம்பாதிச்சதை நான் நின்னு சம்பாதிச்சிருக்கேன் பாத்தியா"ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன், ஆனா உள்ளுக்குள்ள உறுத்துச்சு. ஏன்னா அவன் போட்டிருந்த பேன்ட் என் தொடையைத் தாண்டாது, தாண்டினாலும் எனக்கு இடுப்புல பட்டன் விழாது. :)

இந்த உறுத்தலைத்தான் இந்தப் பதிவுல கொட்டப்போறேன்.

ஆபீஸ்ல வருஷாவருஷம் ஒரு ஹெல்த் செக்கப் நடக்கும். அதுல தர்ற காகிதத்துல பிஎம்ஐன்னு ஒரு கட்டம். கிலோவில எடை, அதை மீட்டர்ல உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்ற எண். எனக்கு 68 வகுத்தல் 2.89, அதாவது 23.5. பக்கத்துல 'நார்மல்'னு பச்சை மையில போட்டுக் கொடுத்துட்டாங்க. (ஆசியர்களுக்கு 23ல இருந்தே கொஞ்சம் யோசிக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் கூட்டின நிபுணர் குழு 2004லயே சொல்லியாச்சு. எங்க காகிதம் இன்னும் 25லயே நிக்குது.) அத்தை மகன் அதே செக்கப்புக்கு வந்திருந்தா அவனுக்கும் அதே 23.5, அதே பச்சை மை. ரெண்டு வேற வேற உடம்புக்கு ஒரே எண் வருதுன்னா, தப்பு உடம்புல இல்லை, எண்ணுலதான் இருக்கு.

நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, ரெண்டு காலம்ல வைக்க வேண்டிய டேட்டாவைக் கூட்டி ஒரே காலம்ல சேமிச்சுட்டு, பழைய ரெண்டு காலத்தையும் டெலிட் பண்ணின மாதிரி. உடம்பு எடையில ஒரு பங்கு கொழுப்பு. மிச்சமெல்லாம் தசை, எலும்பு, ஈரல், ரத்தம், தண்ணி. இந்த ரெண்டையும் தனித்தனியா உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா ரெண்டு எண் கிடைக்கும்:

```
FMI  = fat_kg / height_m**2
FFMI = (weight_kg - fat_kg) / height_m**2
BMI  = FMI + FFMI
```

கடைசி வரிதான் விஷயமே. எஃப்எம்ஐ, எஃப்எஃப்எம்ஐன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், சைக்கிள் டியூப்ல காத்து போற சத்தம் மாதிரி இருக்கு. அதனால இனிமே கொழுப்பு எண், மிச்ச எண்ணுன்னே எழுதுறேன். தசை எண்ணுன்னு வேணும்னேதான் சொல்லலை. காரணம் பின்னாடி வரும்.

இது புதுச் சரக்கு ஒண்ணும் இல்லை. 1990ல வான்இடாலி என்கிற அமெரிக்க மருத்துவரும் கூட இருந்தவங்களும் இந்த ஜோடியை முன்வச்சாங்க. அவங்க கேட்ட கேள்வி எளிமையானது: எல்லாரும் கொழுப்பு சதவீதம், கொழுப்பு சதவீதம்னு பேசுறீங்களே, அந்தச் சதவீதம் எதை மறைக்குதுன்னு தெரியுமா? நானே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்குக் கொழுப்பு எண் 5, மிச்ச எண் 15. இன்னொருத்தருக்கு 7, 21. ரெண்டு பேருக்கும் கொழுப்பு சரியா 25 சதவீதம். ஆனா முதல் ஆளுக்குக் கொழுப்பு கூடுதல் இல்லை, மத்த சரக்கு குறைச்சல். ரெண்டாவது ஆளுக்கு மத்த சரக்கு தாராளமா இருக்கு, கொழுப்புதான் கூடுதல். முதல் ஆளைப் பட்டினி போடச் சொன்னா அது அநியாயம். சதவீதத்தை மட்டும் பார்க்கிற ஜிம்காரர் ரெண்டு பேருக்கும் ஒரே டயட் சார்ட்தான் எழுதுவார்.

ஊர்ல எங்க பெரியப்பா ஒருத்தர் ராஜபாளையம் நாய் வளர்க்கிறார். வெள்ளை உடம்பு, ரோஸ் கலர் மூக்கு, 2005ல தபால்தலையில எல்லாம் வந்துச்சே, அதே ஜாதி. அவர் நாயைத் தராசுல ஏத்தி நான் பார்த்ததே இல்லை. முதல்ல விலா மேல விரலை ஓட்டுவார். அப்புறம் கையை முதுகெலும்புக்கும் பின்னந்தொடைக்கும் கொண்டு போவார். "இது ரெண்டும் வேற வேற தம்பி. கிழட்டு நாய்க்கு விலா தட்டுப்படாது, ஆனா தொடை கரைஞ்சிருக்கும். அது கொழுகொழுன்னு இருக்குன்னு நினைச்சா ஏமாந்தே"ன்னு ஒரு தடவை சொன்னார். உலக அளவுல கால்நடை டாக்டர்களும் நாய்க்கு இப்படித்தான் ரெண்டு மார்க் போடுறாங்க, கொழுப்புக்கு ஒண்ணு, தசைக்குத் தனியா ஒண்ணு. நாய்க்கு ரெண்டு மார்க், மனுஷனுக்கு ஒரே மார்க். என்ன கொடுமை சார் இது!

சரி, நம்ம ஊர்க் கதை ரெண்டு பேரோட முடியற விஷயம்னு நினைச்சிடாதீங்க. 2004 ஜனவரியில லான்செட் மருத்துவ இதழ்ல ரெண்டு டாக்டர்கள் தங்களோட போட்டோவையே போட்டு ஒரு குட்டிக் கட்டுரை எழுதினாங்க. ஒருத்தர் புனே கேஇஎம் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன்காரர் யுட்கின். ரெண்டு பேர் பேரும் ஒய்ல ஆரம்பிக்கிறதால அதுக்கு ஒய்-ஒய் முரண்னே பேர். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. பாயிண்ட்டு கூட வித்தியாசம் இல்லை. ஆனா எக்ஸ்ரே முறையில கொழுப்பை அளந்தப்ப யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

அந்தக் கட்டுரை சதவீதத்தோட நின்னுடுச்சு. நம்ம ஜோடியில போட்டுப் பாருங்க. யுட்கினுக்குக் கொழுப்பு எண் 2.0, மிச்ச எண் 20.3. யாஜ்னிக்குக்குக் கொழுப்பு எண் 4.7, மிச்ச எண் 17.6. பாதிப் பேர் இந்தக் கதையைச் சொல்றப்ப இந்தியனுக்குக் கொழுப்பு டபுள்னு மட்டும் சொல்லி நிறுத்திடறாங்க. இங்கேதான் எனக்குக் கோவம் வரும். 2.7 கொழுப்பு கூடியிருக்குன்னா, அதே 2.7 மிச்சத்துல குறைஞ்சும் இருக்கு. குறைஞ்சதும் நோய்தான். சாப்பிட்ட சர்க்கரையில பெரும்பங்கை ரத்தத்துல இருந்து இழுத்துக்கிறது தசைதான். அந்த உண்டியல் சின்னதா இருந்தா மீதி எங்கே போய் நிக்கும்?

இதுக்கு வாழ்க்கைமுறையும் ஒரு காரணம்னு அவங்களே எழுதியிருக்காங்க. யுட்கின் மாரத்தான் ஓடுறவர், யாஜ்னிக்கோட ஓட்டமெல்லாம் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுறதுக்குள்ள உள்ளே நுழையத்தான்னு நக்கல் வேற. ஆனா அது மட்டும் இல்லை. யாஜ்னிக் பிறந்தப்பவே எடை குறைவுதான். அவரோட குழுவே புனே பக்கத்துக் கிராமங்கள்ல பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோட ஒப்பிட்டு 2003ல எழுதினாங்க. சராசரி எடை இங்கே 2.7, அங்கே 3.5. நம்ம பிள்ளைங்க எல்லா அளவுலயும் சின்னதா இருந்தும், முதுகுப் பக்கத் தோல் மடிப்புல இருக்கிற கொழுப்பு மட்டும் அவ்வளவா குறையலை. ஒல்லியாத் தெரியுற குண்டுக் குழந்தை. அதாவது நம்மில் பலருக்கு மிச்ச எண் தொட்டில்லயே பாக்கி வச்ச கணக்கு.

இப்ப என் கதைக்கு வர்றேன். கொழுப்பை அளக்க எக்ஸ்ரே மெஷினுக்கு நான் எங்கே போக? காலிபர் ஒண்ணு வாங்கினேன். தோலைக் கிள்ளி மடிப்போட தடிமனை மில்லிமீட்டர்ல அளக்கிற கிடுக்கி, அவ்வளவுதான். வலது பக்கமா நாலு இடம்: மேல்கை முன்பக்கம், மேல்கை பின்பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடுப்பு எலும்புக்கு மேலே. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலையும் கொழுப்பையும் மட்டும் தசையில இருந்து பிரிச்சுத் தூக்கணும். விரலுக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் கிடுக்கியை வச்சு, ரெண்டு விநாடி கழிச்சுப் படிக்கணும். ஒவ்வொரு இடத்துலயும் மூணு தடவை. முதுகுப் பக்கம் நமக்கே எட்டாது, ரூம்மேட் காலைப் பிடிக்கணும். (அவன் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க.)

நாலையும் கூட்டினா எனக்கு 72 மில்லிமீட்டர். 1974ல கிளாஸ்கோவுல டர்னின், வாமர்ஸ்லின்னு ரெண்டு பேர் இதுல இருந்து உடம்போட அடர்த்தி கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் கொடுத்தாங்க. இருபதுகள்ல இருக்கிற ஆண்களுக்கு இதுதான்:

```
D = 1.1631 - 0.0632 * log10(sum_mm)
fat_percent = 495 / D - 450
```

எனக்கு 23.4 சதவீதம் வந்துச்சு. 68ல 15.9 கிலோ கொழுப்பு. கொழுப்பு எண் 5.5, மிச்ச எண் 18.0. அத்தை மகனையும் அதே காலிபரால கிள்ளினேன். மொத்தமே 26 மில்லிமீட்டர், 11 சதவீதம், கொழுப்பு எண் 2.6, மிச்ச எண் 20.9. கூட்டிப் பாருங்க, ரெண்டும் 23.5தான். புனேவுக்கும் லண்டனுக்கும் போக வேண்டாம், ஒரே தாத்தா பேரன்களுக்குள்ளேயே யாஜ்னிக்கும் யுட்கினும் உக்காந்திருக்காங்க.

இதைப் பார்த்த வேகத்துல நான் செஞ்சதுதான் முட்டாள்தனம். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். காலையில ஓட்ஸ், மதியம் வெள்ளரிக்காய், இப்படி மூணு மாசம். முட்டை, பருப்பு எல்லாம் கட். நடை கூடக் கிடையாது, பசியில எங்கே நடக்க? எடை 62க்கு வந்துச்சு. ஆபீஸ்ல கைதட்டல். அம்மா மட்டும், "முகம் ஒட்டிப்போச்சேடா"ன்னு அழாத குறை. அம்மா சொன்னதுதான் சரின்னு காலிபர் சொல்லுச்சு. மடிப்புக் கூட்டல் 58, கொழுப்பு 20.7 சதவீதம். ஆறு கிலோ போனதுல கொழுப்பு மூணு கிலோ சொச்சம்தான். கிட்டத்தட்ட அதே அளவு மிச்சத்துல இருந்து போயிருக்கு. கொழுப்பு எண் 4.4, மிச்ச எண் 17.0. ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர் சங்கம் 2015ல ஊட்டக் குறைவைக் கண்டுபிடிக்கிற அளவுகோல்கள்ல ஒண்ணா ஆண்களுக்கு 17க்குக் கீழே, பெண்களுக்கு 15க்குக் கீழேன்னு ஒரு கோடு போட்டிருக்கு. நான் அந்தக் கோட்டு மேல ஒத்தைக் கால்ல நின்னுட்டு இருந்தேன், என் பிஎம்ஐ 21.4 சொச்சம்னு பச்சை மையில சிரிச்சுட்டு இருந்துச்சு.

அப்புறம் என்ன, எல்லாரையும் போலத்தான். ஒரு வருஷத்துல திரும்ப 68. தராசு பழைய இடத்துக்கே வந்துட்டதா சொல்லுது. காலிபர் சொல்றது வேற: கூட்டல் 86, கொழுப்பு 25.6 சதவீதம், கொழுப்பு எண் 6.0, மிச்ச எண் 17.5. போனப்ப ரெண்டும் போச்சு, வந்தப்ப பெரும்பாலும் கொழுப்பு மட்டும் வந்துச்சு. 2009ல அமெரிக்க மக்கள்தொகை அளவீடுகளை வச்சுக் கெல்லியும் மத்தவங்களும் போட்ட பட்டியல்ல ஆண்களுக்குக் கொழுப்பு எண் 3ல இருந்து 6 வரைக்கும், பெண்களுக்கு 5ல இருந்து 9 வரைக்கும் நார்மல். நான் ஆறு கிலோ குறைச்சு, ஆறு கிலோ ஏத்தி, அந்த 6ஐப் போய்த் தொட்டுட்டேன். அதே 68, அதே 23.5, அதே பச்சை மை!

இப்ப எதிர்க்கட்சி சொல்றதையும் கேட்டுடுவோம். காலிபர் கணக்கு அவ்வளவு துல்லியமான்னு கேட்டா, இல்லை. இந்தச் சூத்திரம் தர்ற சதவீதத்துல ஒருத்தருக்கு மூணு நாலு பாயிண்ட் தப்பு வர்றது சகஜம். அதுவும் கிளாஸ்கோ ஆட்களைக் கிள்ளி எடுத்த சூத்திரம். அதனால என் 5.5 நிஜத்துல 6.2வாக் கூட இருக்கலாம். நான் நம்புறது அந்த எண்ணை இல்லை, அதோட ஓட்டத்தை. அதே கை, அதே கிடுக்கி, அதே நாலு இடம்னா சூத்திரத்தோட தப்பு ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே பக்கமாத்தான் சாயும். 72, 58, 86 என்கிற மில்லிமீட்டர்ல சூத்திரமே கிடையாது, அது நேரா என் தோல்.

ஏறி நின்னா சதவீதம் காட்டுற வீட்டு மெஷின் இதைவிட மோசம். அது கால் வழியா மெல்லிசா மின்சாரம் விட்டுத் தடையை அளக்குது, உடம்புல தண்ணி எவ்வளவுன்னு அதுல இருந்து யூகிக்குது. வேர்த்து ஊத்தி, தண்ணி குடிக்காம ஏறினா தண்ணி குறைவுன்னு நினைச்சு மிச்ச எண்ணைக் குறைச்சுக் கொழுப்பை ஏத்திக் காட்டும். காலையில எழுந்ததும், எதுவும் குடிக்கிறதுக்கு முன்னாடி, தினமும் ஒரே நேரம்னு வச்சுக்கிட்டா ஓரளவு தேறும்.

மிச்ச எண்ணை ஏன் தசை எண்ணுன்னு சொல்லலைங்கிறது இங்கேதான் வருது. கொழுப்பில்லாத பங்குல கிட்டத்தட்ட 73 சதவீதம் தண்ணி. கால் வீங்கி நீர் கோத்திருக்கிற ஒரு வயசானவருக்கு மிச்ச எண் கம்பீரமா இருக்கும், அத்தனையும் நீர். என் மூணு மாசப் பட்டினியில போன மூணு கிலோவுலயும் ஒரு பங்கு தண்ணியாத்தான் இருக்கும், எல்லாமே தசைன்னு சத்தியம் பண்ண மாட்டேன். அடுத்து, கொழுப்பு எண் எவ்வளவுன்னு சொல்லுமே தவிர எங்கேன்னு சொல்லாது. தொடையில இருக்கிற கொழுப்பும் வயித்துக்குள்ள குடலைச் சுத்தி இருக்கிறதும் அதுக்கு ஒண்ணுதான். அதுக்குத் தனியா இடுப்பைச் சுத்தி டேப் பிடிச்சாகணும். என்னோடது 93 சென்டிமீட்டர், அத்தை மகனோடது 79. இந்தியர்களுக்கு ஆண்னா 90ங்கிறதுதான் கோடு. இங்கேயும் நான்தான் ஃபெயில்.

பிஎம்ஐயைத் தூக்கிக் குப்பையில போடுங்கன்னு நான் சொல்ல வரலை. லட்சம் பேரை அளக்க அது போதும். ஆனா ஒரு ஆளுக்கு வருஷாவருஷம் காகிதம் கொடுக்கிற இடத்துல, ரத்தம் எடுக்க ஊசி குத்துறவங்க நாலு இடத்துல கிள்ளவும் ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கலாம். அந்தக் கட்டத்துல 23.5ன்னு எழுதாம 6.0 கூட்டல் 17.5ன்னு எழுதினா என்ன குறைஞ்சிடும்? அந்தக் காகிதம் அன்னைக்கே அப்படி வந்திருந்தா வெள்ளரிக்காய் மேல நான் கை வச்சிருக்க மாட்டேன்.

இப்ப ரெண்டு மாசமா ராத்திரி முட்டையும் சுண்டலும், வாரத்துக்கு மூணு நாள் தண்டால், பஸ்கி. எடை 68லயே அசையாம நிக்குது. ஆபீஸ்ல யாரும் கைதட்டலை. நேத்து ரூம்மேட்டைக் கெஞ்சிக் கூத்தாடி முதுகைக் கிள்ள வச்சேன். கூட்டல் 79.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். சர்க்கரை, கிட்னின்னு ஏதாவது இருக்கிறவங்க இந்தப் பதிவைப் படிச்சுட்டுச் சாப்பாட்டுல கை வைக்காம உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

டிஸ்கி 2: சூத்திரத்துல 1.1631, 0.0632 ரெண்டும் 20ல இருந்து 29 வயசு ஆண்களுக்கு மட்டும். அடுத்த வருஷம் எனக்கு முப்பது. சூத்திரம் மாறிடும், அதனால பழைய எண்ணோட ஒப்பிட முடியாது. மில்லிமீட்டரைத்தான் நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு வர்றேன்.